இயந்திரம் பிடித்த சிகரெட்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'லெழே' என்ற சொல் இரண்டு பொருளில் பழக்கம். ஒன்று, கனமில்லாதது. இன்னொன்று, யோசனையில்லாமல் செய்வது. ஒரு காரியத்தை 'ஆ லா லெழேர்' எடுத்துக்கொண்டான் என்றால், நம் ஊர்ப் பேச்சில் 'லைட்டா எடுத்துக்கிட்டான்' என்று அர்த்தம். சிகரெட் பாக்கெட்டின் மேல் இந்தச் சொல்லை அச்சடித்தவர்கள் முதல் பொருளை நினைத்து அச்சடித்தார்கள். வாங்கிப் பிடித்தவர்களுக்கு வாய்த்தது இரண்டாவது பொருள்.

பிரான்சில் 'லெழேர்', ஆங்கிலத்தில் 'லைட்', 'மைல்டு', 'லோ தார்'. நம் நாட்டிலும் கோல்டு ஃபிளேக் லைட்ஸ், கிளாசிக் மைல்ட்ஸ் என்றெல்லாம் விற்றன. எந்தப் பெயராக இருந்தாலும் வாங்குகிறவர் புரிந்துகொண்டது ஒன்றுதான்: இதில் கெடுதல் குறைவு. அது ஏன் பொய்யாகிப் போனது என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்பதால் நான் அதை ஒரு கணக்காகத்தான் பார்க்கிறேன். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லாமல், விடை மட்டும் தப்பாக வரும் கணக்கு அது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பாக்கெட்டின் பக்கவாட்டில் 'தார் 6 மி.கி., நிகோடின் 0.5 மி.கி.' என்பது போலச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இதைப் படிக்கும் எவரும், சிகரெட்டுக்குள் அவ்வளவு தார் இருக்கிறது என்றோ, நம் நெஞ்சுக்குள் அவ்வளவு போகிறது என்றோதான் நினைப்பார். இரண்டும் இல்லை. அது ஓர் இயந்திரம் அந்த சிகரெட்டைப் பிடித்தபோது கிடைத்த அளவு.

ஆமாம், சிகரெட் பிடிக்கவே ஓர் இயந்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு 1967 முதல் இந்த முறையில் சிகரெட்டுகளைச் சோதித்து எண்களை வெளியிட்டது. பின்னால் வந்த உலகத் தர நிர்ணய முறையும் ஏறக்குறைய அதேதான். இயந்திரம் நிமிஷத்துக்கு ஒரு முறை இழுக்கும். ஒவ்வோர் இழுப்பும் 2 விநாடி. ஒவ்வொன்றிலும் 35 மில்லிலிட்டர் புகை. சிகரெட் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு எரிந்து குறையும் வரை இப்படியே இழுத்துக்கொண்டிருக்கும். புகை ஒரு கண்ணாடி இழை வட்டின் வழியாகப் போகும்; அதில் படிந்ததை எடை போடுவார்கள். அந்த எடையிலிருந்து தண்ணீரையும் நிகோடினையும் கழித்தால் மீதி வருவதற்குப் பெயர்தான் தார். பிரெஞ்சில் 'குத்ரோன்'. தெருவுக்குப் போடுகிற தாருக்கும் அதே சொல்தான். ஆனால் சிகரெட்டுத் தார் என்பது ஒரு தனிப் பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் கலந்த ஒரு மீதித்தொகை.

இயந்திரம் வைத்ததில் சூது ஒன்றும் இல்லை. ஒரு பிராண்டை இன்னொன்றோடு ஒப்பிட ஒரே மாதிரியான அளவுகோல் வேண்டும் என்று வைத்தார்கள். எந்த மனிதனும் இதே அளவைத்தான் உள்ளே இழுக்கிறான் என்று அந்த அமைப்பும் சொல்லவில்லை. தார் குறைந்தால் புற்றுநோயும் குறையும் என்று அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பலர் மனதார நம்பியதும் உண்மை. கோளாறு அடுத்த கட்டத்தில் வந்தது. தேர்வுக்கு வரும் கேள்வி முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மாணவன் பாடத்தையா படிப்பான்? அந்தக் கேள்விக்கு மட்டும் விடை தயார் செய்வான். சிகரெட்டும் அப்படித்தான் தயாரானது.

ஒரு லைட் சிகரெட்டின் பஞ்சுப் பகுதியைச் சுற்றியிருக்கும் காகிதத்தை மெல்லப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வாய் வைக்கும் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே, சுற்றிலும் வரிசையாக ஊசித்துளைகள் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். பெரும்பாலும் லேசர் கொண்டு போடுவார்கள். இழுக்கும்போது இந்தத் துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து புகையோடு கலக்கும். இயந்திரம் இழுக்கும் 35 மில்லிலிட்டரில் பாதி காற்றாக இருந்தால் புகை பாதிதான். வட்டில் படிவதும் ஏறக்குறைய பாதிதான். உள்ளே இருக்கும் புகையிலை பெரும்பாலும் மாறவில்லை. பாலில் தண்ணீர் கலந்த கதைதான், ஆனால் ஒரு வித்தியாசம்: பாலைக் குடிக்கிறவன் எத்தனை டம்ளர் குடிப்பது, தண்ணீர் கலக்கும் குழாயை எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் அவன் கையிலேயே இருக்கிறது.

இயந்திரம் சிகரெட்டைப் பிடிக்கும் இடம் அந்தத் துளைகளை மூடாது. மனிதனின் உதடும் விரலும் மூடும். இயந்திரத்துக்கு நிகோடின் பசி கிடையாது. மனிதனுக்கு உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் நிகோடின் குறைந்தால் மூளை சும்மா இராது. ஆள் அறியாமலே இழுப்பு பெரிதாகும், இடைவெளி சுருங்கும், புகையை நெஞ்சுக்குள் கூடுதல் நேரம் நிறுத்துவார், உதடு இன்னும் கொஞ்சம் முன்னே போய்த் துளைகளை மூடிக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் நாளுக்கு இரண்டு சிகரெட் கூடும்.

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் 'சொல்தா' என்று சொல்லும் வகை. பாரீஸ் பக்கம் குடியிருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் டிசம்பரில் புதுச்சேரி வந்துவிடுவார். கறுப்புப் புகையிலை சிகரெட் பிடிப்பவர்; அவர் வந்திருக்கிறார் என்பது தெருமுனையிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முறை வந்தபோது வாசனை மாறியிருந்தது. மேஜையில் வெளிர் நிறத்தில் ஒரு பாக்கெட், அதன் மேல் 'லெழேர்'.

"டாக்டர் விட்டுடச் சொன்னார், மாப்ளே. அதான் இதுக்கு மாறிட்டேன். பாதி தார். பக்கத்துல பாருங்க, கவர்ன்மெண்டே போட்டிருக்கான்" என்றார்.

பார்த்தேன். 1991-ஆம் வருஷத்துச் சட்டத்தின் எண்ணைக் குறிப்பிட்டு உடல்நல எச்சரிக்கை, அதன் பக்கத்தில் குத்ரோன் இத்தனை, நிகோதீன் இத்தனை. அவர் முன்பு பிடித்ததில் பாதிதான். சட்டமே எண்ணைப் போடச் சொன்னதால் எண்ணுக்கு ஒரு அரசு முத்திரை கிடைத்துவிட்டது. முத்திரை குத்திய காகிதத்தை நம்பாமல் இருக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை.

"தொண்டை எரிச்சலும் இல்லை, காலையில இருமலும் குறைஞ்சிருக்கு" என்று வேறு சொன்னார். அதுவும் பொய்யில்லை. காற்று கலந்த புகை தொண்டையில் உறுத்தாது. எண்ணை விடவும் ஆளை நம்ப வைப்பது இந்த உணர்வுதான். பாக்கெட் சொல்வதற்குத் தொண்டையே சாட்சி சொன்னால் யார் மறுப்பார்கள்? ஆனால் உறுத்தல் குறைவதும் உள்ளே போவது குறைவதும் ஒன்றல்ல. உறுத்தாத புகையை இன்னும் ஆழமாக இழுக்க முடியும் என்பதுதான் நடந்தது.

இப்போது அவர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். சாதா சிகரெட்டை இயந்திரம் 9 முறை இழுக்கிறது, ஒவ்வொன்றும் 35 மில்லிலிட்டர். மொத்தம் 315 மில்லிலிட்டர் புகை. லைட் சிகரெட்டை அதே 9 முறை இழுக்கிறது, ஆனால் பாதி காற்று. எனவே ஏறக்குறைய 158. பாக்கெட்டில் 'பாதி தார்' என்று போடுவதற்கு இதுதான் ஆதாரம். இதுவரை கணக்கு சரி.

இப்போது மனிதரை உட்கார வைப்போம். சாதா சிகரெட்டில் அவர் 9 இழுப்பு, ஒவ்வொன்றும் 50 மில்லிலிட்டர் என்று வையுங்கள். 450. லைட்டுக்கு மாறிய பிறகு இழுப்பு அதே 50, ஆனால் அடிக்கடி இழுப்பதால் 12 இழுப்பு. உதட்டால் பாதித் துளைகள் மூடிவிட்டதால் ஒவ்வோர் இழுப்பிலும் பாதிக்குப் பதில் கால் பங்குதான் காற்று. அப்படியானால் ஓர் இழுப்பில் புகை 37.5 மில்லிலிட்டர். 12-ஆல் பெருக்கினால் 450. ஒரு மில்லிலிட்டர்கூடக் குறையவில்லை. பாக்கெட்டில் பாதி, நெஞ்சில் முழுசு. மேலே நாளுக்கு இரண்டு சிகரெட் கூட்டிக்கொண்டால், மாறியதால் வந்தது நஷ்டம் மட்டுமே.

இது நான் மேஜையில் போட்ட கணக்கு. ஆய்வுக்கூடத்தில் இதை ரத்தத்தை எடுத்தே பார்த்திருக்கிறார்கள். நிகோடின் உடலில் சேர்ந்த பிறகு கோட்டினின் என்ற பொருளாக மாறும். ஒருவர் நிஜமாக எவ்வளவு நிகோடின் உள்வாங்கினார் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் பெனோவிட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1983-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்த எண் போட்ட சிகரெட் பிடிப்பவர்களின் ரத்தத்தில் நிகோடின் வரவு குறைவாக இல்லை என்பதே முடிவு. அந்த சிகரெட்டுகளின் புகையிலையைச் சோதித்தபோது அதிலும் நிகோடின் குறைவாக இல்லை.

ரத்தப் பரிசோதனை இல்லாமலே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிடித்து அணைத்த சிகரெட் துண்டின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். துளைகள் திறந்திருந்தால் காற்று ஓரமாக வருவதால் பஞ்சின் நடுவில் மட்டும் பழுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு இருக்கும். துளைகள் மூடியிருந்தால் பஞ்சு முழுவதும் ஒரே பழுப்பாக இருக்கும். ஆய்வாளர்கள் ஆஷ்ட்ரேக்களில் இருந்து துண்டுகளைப் பொறுக்கி இப்படித்தான் எத்தனை பேர் துளைகளை மூடுகிறார்கள் என்று எண்ணினார்கள். எங்கள் வீட்டு மாடியில் மச்சான் வைத்துவிட்டுப் போன கொட்டாங்கச்சி ஆஷ்ட்ரேயில் கிடந்தவை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. விளிம்பு வரை பழுப்பு.

சரி, நிகோடின் குறையாவிட்டாலும் நோயாவது குறைந்ததா? 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய 9.4 லட்சம் பேரை ஆறு வருஷம் கவனித்த கணக்கு. நடுத்தரத் தார், குறைந்த தார், மிகக் குறைந்த தார் என்று மூன்று வகை பில்ட்டர் சிகரெட் பிடித்தவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தில் வித்தியாசம் இல்லை. பில்ட்டரே இல்லாத, தார் எண் மிக உயர்ந்த சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் இவர்களைவிட ஆபத்து அதிகம். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் பில்ட்டர் வைத்தவற்றுக்குள் எண்ணைப் பார்த்து இறங்கி வந்தவருக்குக் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. புகையை ஆழமாக இழுப்பதால் நுரையீரலின் ஓரப்பகுதிகளில் வரும் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் பெருகியதற்கு இந்தத் துளைகளும் காரணமாக இருக்கலாம் என்று 2014-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை சொன்னது.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரிந்திருந்தது. ஃபிலிப் மாரிஸ் கம்பெனி 1975-இலேயே தன் வாடிக்கையாளர்களைச் சோதித்துப் பார்த்து, லைட்ஸ் பிடிப்பவர்களுக்கு உள்ளே போகும் புகை குறையவில்லை என்று உள் குறிப்பில் எழுதி வைத்திருந்தது. பின்னாளில் வழக்குகளில் அந்தக் காகிதங்கள் வெளியே வந்தன. 2006-இல் வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் தெரிந்தே மக்களை ஏமாற்றின என்று நீண்ட தீர்ப்பு எழுதினார். சிகரெட்டை விடலாமா என்று யோசித்தவர்களை விடாமல் பிடித்து வைக்கவே இந்த 'லைட்' உதவியது என்பதும் அதில் அடக்கம். என் மச்சான் அதற்கு ஓர் அச்சுப்பிரதி. டாக்டர் சொன்னது 'விடு' என்று. அவர் செய்தது மாறியது. அந்தப் பாக்கெட் கடையில் இல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு இருந்திருக்கும் வழி இரண்டுதான்: விடுவது, அல்லது கெடுதல் என்று தெரிந்தே பிடிப்பது. மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக அந்தச் சொல் காட்டியது. பத்து வருஷத்துக்கு மேல் அந்த வழியில் நடந்தார். கடைசியில் மூச்சுக்குழல் நோய் வந்து, ஆக்சிஜன் குழாயோடு 2007-இல் அங்கேயே போய்ச் சேர்ந்தார். லைட்டுக்கு மாறியதால்தான் என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வருஷப் பழக்கம் அது. ஆனால் விட நினைத்த அந்த ஒரு வருஷம் கைநழுவிப் போனதற்குக் காரணம் அந்தப் பாக்கெட்தான்.

அவர் காலத்திலேயே அந்தச் சொல் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2003 செப்டம்பர் 30 முதல் இப்படிப்பட்ட சொற்களைத் தடை செய்தது. பாக்கெட்டில் 'லெழேர்' மறைந்து நிறம் மட்டும் மிஞ்சியது. "பேரை எடுத்துட்டான், சரக்கு அதேதான்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சரக்கு அதேதான் என்பதில் ஆறுதல் அடைந்தார், பாவம். அமெரிக்காவில் இந்தத் தடை 2010 ஜூன் 22-இல் வந்தது. மார்ல்பரோ லைட்ஸ் அன்றிலிருந்து மார்ல்பரோ கோல்டு. எண்ணும் தப்பவில்லை. இயந்திர எண்ணுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008-இல் திரும்பப் பெற்றது. ஐரோப்பாவில் 2014-ஆம் வருஷத்து உத்தரவுப்படி பாக்கெட்டிலிருந்து தார், நிகோடின் எண்களையே எடுத்துவிட்டார்கள். எண்ணைப் போடு என்று ஒரு காலத்தில் கட்டளையிட்ட சட்டமே, அது ஆளை ஏமாற்றுகிறது என்று எடுக்கச் சொன்னது.

நம் நாடு உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2004-இல் ஏற்றது. அதன் 11-ஆவது பிரிவு 'லோ தார்', 'லைட்', 'அல்ட்ரா லைட்', 'மைல்டு' என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதையொட்டி 2008-இல் அறிவித்து 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்த நம் பாக்கெட் விதிகளிலும், படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும் என்பதோடு, இந்த மாதிரி ஏமாற்றுச் சொற்கள் கூடாது என்பதும் இருக்கிறது.

காகிதத்திலிருந்து சொல்லை எடுத்துவிடலாம், வாயிலிருந்து எடுப்பது சுலபமில்லை. புதுச்சேரியில் எந்தப் பெட்டிக்கடையிலும் "ஒரு மைல்டு" என்று கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கிறார். அடர்ந்த நிறம் என்றால் காட்டம், வெளிர் நிறம் என்றால் லேசு என்று வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் ஒரு பாஷை இருக்கிறது. மெலிசான சிகரெட், புதினா வாசனை சிகரெட், பஞ்சுக்குள் இருக்கும் குண்டை அழுத்தினால் மணம் வரும் சிகரெட் என்று புதிது புதிதாக வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பழைய சூத்திரம்தான்: தொண்டைக்கு இதமாக இருந்தால் நெஞ்சுக்கும் இதம் என்று ஆள் தானாக நினைத்துக்கொள்வார்.

ஆகவே யாராவது உங்களிடம் "நான் லைட்தான் பிடிக்கிறேன்" என்று சொன்னால் வாதம் செய்ய வேண்டாம். அவர் அணைத்த துண்டை எடுத்து அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வட்டமா, முழுவதும் பழுப்பா? வட்டமாகவே இருந்தாலும், இழுப்பு எத்தனை, எவ்வளவு ஆழம், நாளுக்கு எத்தனை சிகரெட் என்ற கேள்விகள் மீதியிருக்கின்றன. நிஜமாகக் குறைகிற எண் ஒன்றே ஒன்றுதான். அது பிடிக்காத சிகரெட்டின் எண். 2018 செப்டம்பரிலிருந்து நம் பாக்கெட்டுகளில் இன்னோர் எண்ணும் அச்சாகிறது: 1800-11-2356. புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு அரசு நடத்தும் இலவசத் தொலைபேசி. சிகரெட் பாக்கெட்டில் நான் படித்த எண்களில் சொன்னபடி நடப்பது அது ஒன்றுதான்.